மாணவர் போட்டோவைப் பார்த்து கார்ட்டூன் ஓவியம்: பெற்றோருக்கு அனுப்பும் அனுமதிக் கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவிய வகுப்பில் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் போட்டோ எடுத்து, அச்சிட்டு, அதைப் பார்த்து அவர்களையே தங்கள் முகத்தைக் கார்ட்டூனாக வரையச் சொல்லும் பணி இப்போது பல பள்ளிகளில் நடக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை இது நன்றாக நடக்கும். நாலு பாடவேளை போதும். சிக்கல் வருவது வரைவதில் அல்ல, அதற்கு முன் வீட்டுக்குப் போகும் கடிதத்தில். அந்தக் கடிதத்தை எழுதும் ஆசிரியர்களும் வாங்கிப் படிக்கும் பெற்றோரும் கேட்கிற கேள்விகள் இவை.

போட்டோவை யாருக்கும் காட்டப் போவதில்லை, கார்ட்டூன்தானே சுவரில் தொங்கும். அதற்குப் போய் அனுமதி எதற்கு?

இரண்டு காரணங்கள். முதலாவது, கார்ட்டூன் ஆனாலும் முகம் முகம்தான். மூக்குக்கண்ணாடி, இரட்டைப் பின்னல், முன்பல் இடைவெளி என்று நாலு அடையாளம் போதும், தெருவில் உள்ளவர்கள் இன்னார் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். கீழே பெயரும் வகுப்பும் எழுதிவிட்டால் அது அடையாள அட்டைக்குச் சமம்.

இரண்டாவது, ஓவியம் வரும் முன்பே போட்டோ எடுத்தாகிவிட்டது. அது ஒரு போனில், ஒரு கணினியில், அச்சுக்கடை பென் டிரைவில் எங்கோ இருக்கிறது. பெற்றோர் கவலைப்பட வேண்டியதும் பள்ளி பதில் சொல்ல வேண்டியதும் முதலில் அந்தப் போட்டோவைப் பற்றித்தான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளும் முன் பெற்றோரிடமோ சட்டப்படியான பாதுகாவலரிடமோ சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் தொடர்பான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு காலம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை பொறுத்திருக்கத் தேவையில்லை. கடிதத்தை இப்போதே அந்தச் சட்டம் கேட்கும் அளவுக்கு எழுதிப் பழகுவது நல்லது.

சேர்க்கைப் படிவத்திலேயே "பள்ளி நிகழ்ச்சிகளில் போட்டோ எடுக்கச் சம்மதம்" என்று கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அது போதாதா?

போதாது. விளையாட்டு விழாவில் கூட்டத்தோடு எடுக்கும் படமும், ஒரு பிள்ளையைச் சுவர் ஓரம் நிறுத்தி முகத்தை மட்டும் எடுக்கும் படமும் ஒன்றல்ல. ஒப்புதல் இன்ன காரியத்துக்கு என்று குறிப்பாக இருக்க வேண்டும், அந்தக் காரியத்துக்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும் என்பதே சட்டத்தின் போக்கு. ஜூன் மாதச் சேர்க்கை அவசரத்தில் பன்னிரண்டு தாளில் கையெழுத்துப் போட்ட அம்மாவுக்கு, நவம்பரில் மகள் முகம் கார்ட்டூனாகிப் பள்ளி முகநூல் பக்கத்தில் வரும் என்று தெரிந்திருக்க வழியில்லை.

கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? மாதிரி ஒன்று இருந்தால் கொடுங்கள்.

படிக்கிற பெற்றோருக்கு ஐந்து விஷயம் தெரிய வேண்டும்: என்ன எடுக்கிறார்கள், யார் எடுக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள், எங்கெல்லாம் காட்டுவார்கள், எப்போது அழிப்பார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ அறிவிப்பைப் படிக்கும் வாய்ப்பைச் சட்டமே தருகிறது. ஆங்கிலச் சர்க்குலரில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வது ஒப்புதல் வாங்கியதாகாது.

மாதிரி:

> அன்புள்ள பெற்றோருக்கு,
>
> ஏழாம் வகுப்பு ஆ பிரிவு ஓவிய வகுப்பில் மாணவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே கார்ட்டூன் ஓவியமாக வரைய இருக்கிறார்கள். அதற்காக ஒவ்வொரு மாணவரையும் தோள் வரை தெரியும்படி ஒரு போட்டோ எடுப்போம். ஓவிய ஆசிரியர் பள்ளிக் கேமராவில் எடுப்பார். வகுப்பாசிரியர் உடன் இருப்பார்.
>
> போட்டோ பள்ளி அலுவலகக் கணினியில் மட்டும் இருக்கும். பள்ளி அச்சுப்பொறியிலேயே அச்சிடுவோம். எந்த ஆப்பிலும் இணையதளத்திலும் போட்டோவை ஏற்ற மாட்டோம். ஓவியம் முடிந்த பத்தாம் நாள் போட்டோவை அழித்துவிடுவோம். அச்சிட்ட தாளை ஓவியத்தோடு உங்கள் பிள்ளையிடமே கொடுத்துவிடுவோம்.
>
> ஓவியத்தில் மாணவர் பெயர் இடம்பெறாது. யாரையும் கேலி செய்யும்படி வரைய விட மாட்டோம்.
>
> கீழே ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகச் "சரி" அல்லது "வேண்டாம்" என்று எழுதுங்கள்.
>
> 1. போட்டோ எடுத்து, அதைப் பார்த்து என் பிள்ளை வரைவது: ______
> 2. ஓவியத்தை வகுப்பறைச் சுவரில் வைப்பது: ______
> 3. ஓவியத்தைப் பள்ளி ஆண்டு மலரில் அச்சிடுவது: ______
> 4. ஓவியத்தைப் பள்ளியின் இணையப் பக்கங்களில் வெளியிடுவது: ______
>
> "வேண்டாம்" என்று எழுதினால் பிள்ளையின் மதிப்பெண்ணுக்குக் குறை வராது. போட்டோ இல்லாமல் கண்ணாடியைப் பார்த்து வரைய ஏற்பாடு உண்டு. கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினாலே போதும். இதுபற்றிக் கேட்க வேண்டியதை ஓவிய ஆசிரியரிடம் பள்ளி அலுவலகத் தொலைபேசியில் மதியம் 3.30 முதல் 4.15 வரை கேட்கலாம்.
>
> மாணவர் பெயர், பெற்றோர் பெயர், உறவு, கையெழுத்து, தேதி

வெளியே ஸ்டூடியோவில் அச்சிடுவதாக இருந்தால் "பள்ளி அச்சுப்பொறி" என்ற வரியை அப்படியே விடாதீர்கள். நடக்கப் போவதைத்தான் எழுத வேண்டும். மாதிரிக் கடிதத்தை எடுத்து அப்படியே நகல் போடுவதால் வருகிற முதல் தவறு இதுதான்: கடிதம் ஒன்று சொல்லும், பள்ளி வேறொன்று செய்யும்.

ஒரே கையெழுத்தாக வாங்கினால் சுலபமாக இருக்குமே. ஏன் நாலு வரி?

ஒரே வரியாகக் கேட்டால் தயங்குகிற பெற்றோர் மொத்தமாக "வேண்டாம்" என்று எழுதிவிடுவார்கள். அவர்கள் தயங்குவது பெரும்பாலும் நாலாவது வரிக்குத்தான், அதாவது இணையத்துக்கு. பிள்ளை வகுப்பில் வரைவதிலோ சுவரில் ஒட்டுவதிலோ அவர்களுக்கு வருத்தம் இல்லை. தனித்தனியாகக் கேட்டால் அந்தப் பிள்ளைக்கும் போட்டோ கிடைக்கும், அதுவும் மற்றவர்களோடு உட்கார்ந்து வரையும்.

நாலு வரியும் நாலு வேறு அளவு வெளிச்சம். வகுப்பறைச் சுவரைப் பார்ப்பது நாற்பது பிள்ளைகளும் சில ஆசிரியர்களும். ஆண்டு மலர் சில நூறு வீடுகளுக்குப் போகும். இணையத்துக்குப் போனதை யார் எடுத்து எங்கே வைத்தார்கள் என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது. இங்கே ஒரு பள்ளம் உண்டு: ஆண்டு மலரின் பி.டி.எஃப். கோப்பைப் பள்ளி இணையதளத்தில் ஏற்றுகிற வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அப்படியானால் மூன்றாவது வரிக்கு மட்டும் "சரி" சொன்ன பிள்ளையின் ஓவியமும் இணையத்துக்குப் போய்விடும். ஏற்றும் முன் அந்தப் பக்கத்தை நீக்குங்கள். இல்லையென்றால் மூன்றாவது வரியிலேயே "மலர் இணையத்திலும் வரும்" என்று எழுதிவிடுங்கள்.

சில கடிதங்கள் திரும்பி வரவே வராது. பதில் இல்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா? "வியாழக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் சம்மதமாகக் கருதப்படும்" என்று போடலாமா?

இரண்டும் கூடாது. கடிதம் பையின் அடியிலேயே கசங்கிக் கிடந்திருக்கலாம். மௌனம் ஒப்புதல் ஆகாது.

நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். போட்டோ எடுக்கும் நாளுக்குப் பத்துப் பள்ளி நாள் முன்னதாகத் திங்கட்கிழமை கடிதம் போகிறது. அடுத்த வாரம் செவ்வாய்க்குள் 33 கடிதம் திரும்புகிறது. அதில் 26 பேர் நாலுக்கும் சரி. 4 பேர் முதல் மூன்றுக்குச் சரி, இணையம் வேண்டாம். 2 பேர் வரைய மட்டும் சரி. ஒருவர் எதற்கும் வேண்டாம். பாக்கி 7.

புதனும் வியாழனும் வகுப்பாசிரியர் அந்த ஏழு வீட்டுக்கும் போன் செய்து, பிள்ளையிடம் இரண்டாவது பிரதி கொடுத்து அனுப்புகிறார். போனில் கேட்பது நினைவூட்டலுக்கு மட்டும். கையெழுத்து தாளில்தான். ஐந்து வருகிறது: 4 பேர் முதல் மூன்றுக்குச் சரி, ஒருவர் எதற்கும் வேண்டாம். கடைசிவரை வராதது 2. அந்த இரண்டையும் "வேண்டாம்" என்றே எழுத வேண்டும்.

ஆக, போட்டோ எடுப்பது 36 பேரை. சுவரிலும் மலரிலும் 34. இணையத்தில் 26. கண்ணாடி பார்த்து வரைவது 4. இதை ஒரே தாளில் பட்டியலாக எழுதி, போட்டோ எடுக்கும் நாளில் கையில் வைத்துக்கொண்டு பெயர் பார்த்துக் கூப்பிடுங்கள். வரிசையில் நிற்பவர்களை எல்லாம் எடுத்துவிட்டுப் பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதில்தான் தவறு நேர்கிறது.

இதே வகுப்பில் இன்னொரு இடறலும் காத்திருக்கிறது. சுவரில் 34 ஓவியம் தொங்குகிறது. யாரோ ஒருவர் அந்தச் சுவரை முழுசாக ஒரு படம் எடுத்துப் பள்ளிப் பக்கத்தில் போடுகிறார். இணையம் வேண்டாம் என்ற 8 பேரின் ஓவியமும் அதில் போய்விட்டது. ஒட்டும்போதே 26 ஓவியத்தைக் கரும்பலகைப் பக்கச் சுவரிலும், 8 ஓவியத்தைப் பின்பக்கச் சுவரிலும் ஒட்டிவிட்டால் இது நேராது. பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டு சுவரிலும் ஓவியம் இருப்பது இயல்பாகவே தெரியும்.

வாட்ஸ்அப் குழுவில் அறிவித்து, பெற்றோர் "ஓகே" போட்டால் போதுமா?

குழுவில் வேண்டாம். ஒருவர் "ஓகே" போட்டதும் அடுத்தவரும் போடுவார், வேண்டாம் என்று நினைப்பவர் நாற்பது பேர் முன்னால் அதைச் சொல்லக் கூசுவார். கட்டை விரல் படத்தைப் பார்த்து எந்த வரிக்குச் சம்மதம் என்றும் சொல்ல முடியாது. தாள் அனுப்ப வழியே இல்லாத வீட்டுக்கு, கடிதத்தைத் தனிச் செய்தியாக அனுப்பி, நாலு வரிக்கும் பதில் எழுதிக் கேட்கலாம். அந்த எண் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பெற்றோரின் எண்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் தருபவர் யார் என்பதைத் தன்னிடம் ஏற்கெனவே உள்ள நம்பகமான விவரங்களைக் கொண்டு சரிபார்க்க விதிகள் இடம் தருகின்றன. பள்ளிக்கு அந்த விவரம் சேர்க்கைப் பதிவேடுதான்.

அப்பா வெளிநாட்டில் இருக்கிறார், அம்மாவும் வேலைக்கு வெளியூர். பிள்ளை பாட்டி வீட்டில் வளர்கிறது. பாட்டி கையெழுத்துப் போடலாமா?

பாட்டி சட்டப்படியான பாதுகாவலர் இல்லை என்றால், அவர் கையெழுத்து கடிதம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்கு மட்டுமே சான்று. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தனிச் செய்தியாகக் கடிதத்தை அனுப்பிப் பதில் வாங்குங்கள். அண்ணன், அக்கா, டியூஷன் டீச்சர் கையெழுத்தும் இப்படித்தான். பிள்ளையே அம்மா கையெழுத்தைப் போட்டுக்கொண்டு வருவதும் உண்டு. பேனா நிறமும் எழுத்தும் மாணவர் பெயர் எழுதிய அதே கையாக இருந்தால் ஒரு போன் செய்து கேளுங்கள், பிள்ளையைத் திட்ட வேண்டாம். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு கடிதம் முழுவதையும் வாசித்துக் காட்டி, நாலு வரிக்கும் அவர் சொன்னதை எழுதி, கைநாட்டுப் பெற்று, வாசித்தவரும் கையெழுத்திட வேண்டும்.

பெற்றோர் பிரிந்து வழக்கு நடக்கும் வீடு என்றாலோ, பிள்ளை குழந்தைகள் இல்லத்திலிருந்து வருகிறது என்றாலோ, இன்ன பள்ளியில் படிக்கிறது என்பதே வெளியே தெரியக் கூடாத நிலை இருக்கலாம். அந்தப் பிள்ளைகள் விஷயத்தில் தலைமையாசிரியரிடம் கேட்காமல் சுவரைத் தாண்டி எதையும் கொண்டுபோகாதீர்கள்.

வேண்டாம் என்று சொன்ன வீட்டுப் பிள்ளை அந்த நாலு பாடவேளையும் சும்மா உட்கார்ந்திருக்குமா?

கூடாது. அப்படி உட்கார வைத்தால் மறுநாளே வீட்டில் அழுது சம்மதம் வாங்கிவரும். அது பெற்றோர் மனதாரக் கொடுத்த சம்மதம் ஆகாது. கையளவு முகக்கண்ணாடி ஒன்றைப் புத்தகத்தில் சாய்த்து வைத்து அதைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். இதே தாள், இதே வண்ணம், இதே மதிப்பெண். போட்டோவைப் படியெடுப்பதைவிட இது கடினம், ஆனால் பார்க்கும் பழக்கம் இதில்தான் வரும். நாலு பேரைத் தனியே ஒரு பெஞ்சில் உட்கார வைக்காமல், போட்டோ வைத்திருக்கும் பிள்ளைகள் சிலரையும் முகச் சாயலுக்காகக் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லி வகுப்பு முழுவதும் கண்ணாடி புழங்கும்படி செய்தால், யார் வீட்டில் வேண்டாம் என்றார்கள் என்பது தெரியாமலே போய்விடும். இந்தப் பிள்ளைகளின் ஓவியமும் அவர்கள் முகம்தான் என்பதால், இரண்டாவது வரிக்குச் சரி இல்லாமல் சுவரில் வைக்க வேண்டாம். வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

ஓவிய ஆசிரியர் தன் சொந்த போனில் எடுக்கிறாரே, பரவாயில்லையா?

முடிந்தவரை வேண்டாம். ஆசிரியர் மேல் சந்தேகம் அல்ல. போன் தானாகச் செய்யும் காரியங்கள் இருக்கின்றன. கூகுள் போட்டோஸ் பேக்கப் இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த சில நிமிடத்தில் 36 பிள்ளைகளின் முகமும் ஆசிரியரின் சொந்தக் கணக்குக்குப் போய்விடும். அதே கணக்கு அவர் வீட்டு டேப்லெட்டிலும் திறந்திருக்கலாம். பள்ளியில் வேறு கருவியே இல்லை என்றால், எடுக்கும் முன் பேக்கப்பை நிறுத்தி, கேமராவில் இடக்குறிப்பையும் அணைத்து, அன்றே கேபிள் வழியாக அலுவலகக் கணினிக்கு மாற்றி, போனில் அழித்து, குப்பைத்தொட்டிக் கோப்பையும் காலி செய்ய வேண்டும். கடிதத்திலும் "பள்ளிக் கேமரா" என்பதை மாற்றி எழுத வேண்டும்.

இடக்குறிப்பு என்பது போட்டோக் கோப்புக்குள்ளேயே எழுதப்படும் அட்சரேகை, தீர்க்கரேகை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். படம் தெளிவாக வர வேண்டும் என்று ஆவணமாக அனுப்புவதுதான் பலர் வழக்கம், அதனால் இதை நினைவில் வையுங்கள். கணினியில் எக்சிஃப்டூல் என்ற மென்பொருள் இருந்தால், கட்டளைச் சாளரத்தில் படங்கள் உள்ள உறைக்குப் போய் ஒரே வரியில் எல்லாப் படத்திலும் நீக்கலாம்:

```
exiftool -all= -tagsfromfile @ -orientation -overwrite_original *.jpg
```

நடுவில் உள்ள `-orientation` பகுதியை விட்டுவிட்டால் நிமிர்த்தி எடுத்த படங்கள் சில அச்சில் படுத்துக் கிடக்கும்.

போட்டோவை ஏற்றினால் ஒரு நிமிடத்தில் கார்ட்டூனாக்கித் தரும் ஆப்கள் இருக்கின்றன. அதில் செய்துவிட்டால் என்ன?

அப்போது இது வேறு பணி, வேறு கடிதம். போட்டோ பள்ளியை விட்டு வெளியே, இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. எந்த நிறுவனம், படத்தை எத்தனை நாள் வைத்திருக்கும், தன் மென்பொருளைப் பழக்க அதைப் பயன்படுத்துமா என்பதையெல்லாம் அந்த ஆப்பின் நிபந்தனையில் படித்துக் கடிதத்தில் எழுத வேண்டும். படித்தும் விடை தெரியவில்லை என்றால் அந்த ஆப் வேண்டாம். இப்படிப்பட்ட சேவைகளில் பல, 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கின்றன. ஏழாம் வகுப்பில் பலருக்கு 12 வயதுதான். பிள்ளைகளையே வீட்டில் அம்மா போனில் செய்து வரச் சொல்வதும் தீர்வாகாது, பள்ளி எடுக்க வேண்டிய பொறுப்பு வீட்டின் தலையில் விழுகிறது, அவ்வளவுதான்.

கணினி வகுப்போடு சேர்த்துச் செய்ய ஆசை என்றால் கிம்ப் மென்பொருள் போதும். அது பள்ளிக் கணினியிலேயே இயங்கும், படம் வெளியே போகாது. போட்டோவின் மேல் ஒரு வெற்று அடுக்கு வைத்து, போட்டோ அடுக்கின் ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்து மங்கலாக்கி, மேல் அடுக்கில் மவுஸால் கோடு இழுக்கலாம். முடிந்ததும் போட்டோ அடுக்கை நீக்கிவிட்டு மறுபடி சேமியுங்கள். `.xcf` கோப்பாக அடுக்குகளோடு சேமித்தால் போட்டோவும் உள்ளேயே இருக்கும். ஓவியக் கோப்பு என்று நினைத்து அதை யாருக்காவது அனுப்பினால் போட்டோவும் கூடவே போகும்.

போட்டோ எப்படி எடுத்தால் பிள்ளைகளுக்கு வரைய வசதியாக இருக்கும்?

வராந்தா நிழலில், வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும்படி, வெற்றுச் சுவர் முன் நிற்க வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், அது மூக்கின் நிழலை அழித்து முகத்தைத் தட்டையாக்கும். கேமரா பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கட்டும், இரண்டு மீட்டராவது தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். அரை மீட்டரில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். பிள்ளை அதைப் படியெடுத்து, "நான் இப்படியா இருக்கிறேன்" என்று வருந்தும். பின்னால் கரும்பலகையில் பள்ளிப் பெயரோ, சட்டையில் அடையாள அட்டையோ தெரியாமல் பாருங்கள்.

ஏ4 தாளில் தாடை முதல் உச்சி வரை 15 செ.மீ. வரும்படி, கறுப்பு வெள்ளையில், சற்று வெளிறலாக அச்சிடுங்கள். தாளின் பின்பக்கம் 4பி பென்சிலால் தேய்த்து, சார்ட் தாள் மேல் வைத்து முன்பக்கம் கோட்டைப் பின்பற்றினால் அது கீழே சார்ட்டில் பதியும். முக விளிம்பு, தலைமுடி எல்லை, புருவம், மேல் இமை, மூக்கின் அடி, உதடு சேரும் கோடு, காது இவை மட்டும் போதும். ஒவ்வொரு பல்லுக்கும் இடையே கோடு இழுத்தாலோ, சிரிக்கும்போது மூக்கோரம் விழும் மடிப்பைப் போட்டாலோ பன்னிரண்டு வயது முகம் ஐம்பது வயதாகிவிடும். பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் அது.

என் மகள் கறுப்பு, பல்லும் கொஞ்சம் எடுப்பு. கார்ட்டூன் என்ற பெயரில் வகுப்பே கேலி செய்யாதா?

இந்தப் பயம் நியாயமானது, கடிதத்தில் இதற்குப் பதில் இருந்தே ஆக வேண்டும். கேலிச்சித்திரம் வேறு, கார்ட்டூன் ஓவியம் வேறு. முன்னது ஒரு உறுப்பைப் பிடித்துப் பெரிதாக்கும். பின்னது கோடுகளைக் குறைக்கும். வகுப்பில் செய்ய வேண்டியது பின்னதுதான். அதற்கு ஒரே உறுதியான வழி, தன் முகத்தைத் தான் மட்டுமே வரைவது. பக்கத்துப் பிள்ளையை வரையும் ஏற்பாடு சுவாரசியமாகத் தோன்றும். ஆனால் ஒருவருடைய முகத்தை எப்படிக் காட்டுவது என்ற உரிமை இன்னொருவர் கைக்குப் போய்விடும், பட்டப்பெயர்கள் தாளில் ஏறிவிடும். பல்லைக் காட்டிச் சிரிப்பதா, உதட்டை மூடிச் சிரிப்பதா என்பதைப் போட்டோ எடுக்கும் முன் பிள்ளையிடமே கேளுங்கள்.

நிறத்தில் ஆசிரியர் கவனம் கூடுதலாக வேண்டும். பென்சில் பெட்டியில் "ஸ்கின் கலர்" என்று பிள்ளைகள் சொல்வது வெளிர் ரோஜா கலந்த ஒரு நிறம். வகுப்பில் யாருடைய தோலும் அந்த நிறத்தில் இல்லை. அதையே எல்லாரும் பூசினால் நாற்பது பேரும் ஒரே வெளுப்பில் வருவார்கள். தன் நிறத்தை மறைக்க வேண்டும் என்ற பாடத்தைப் பிள்ளை சத்தமில்லாமல் கற்றுக்கொள்ளும். போஸ்டர் கலரில் பழுப்பும் மஞ்சள் காவியும் கலந்து, வெளுக்க வெள்ளை, கறுக்கத் துளி நீலம் சேர்த்து, தாளின் ஓரத்தில் பூசி, காய்ந்தபின் தன் முன்கையோடு ஒட்டிவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு வண்ணத்தை நேராகக் கலந்தால் சாம்பல் பூத்துச் சேறாகும், நீலம் ஆழம் தரும். காய்ந்தால் நிறம் மாறும் என்பதால் ஈரத்தில் முடிவு செய்ய விடாதீர்கள்.

விபூதி, பொட்டு, ஹிஜாப், தொப்பி, மூக்குத்தி இவற்றை என்ன செய்வது?

போட்டோவில் எப்படி இருக்கிறதோ அப்படி. சேர்க்கவும் வேண்டாம், நீக்கவும் வேண்டாம். தலை மூடிய பிள்ளையிடம் முடி தெரியும்படி வரையச் சொல்லக் கூடாது.

முதலில் சரி என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது மனது மாறிவிட்டது. என்ன செய்யலாம்?

டைரியில் "நாலாவது வரிக்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஹெச்.எம்.மை நேரில் வந்து பாருங்கள் என்று பள்ளி கேட்பது முறையல்ல. பள்ளி அன்றே பட்டியலில் திருத்தி, சுவரில் இருந்தால் எடுத்து, இணையத்தில் இருந்தால் நீக்க வேண்டும். ஆனால் அச்சாகி வீடுகளுக்குப் போய்விட்ட மலரையும், பிறர் இறக்கி வைத்துக்கொண்ட படத்தையும் திரும்ப வாங்க முடியாது. இதனால்தான் இணையத்தில் ஏற்றும் வேலையைக் கடைசியாக, ஓவியம் முடிந்து ஒரு வாரம் கழித்து வைக்கச் சொல்கிறோம். முடிந்த ஓவியத்தைப் பெற்றோர் ஒருமுறை பார்த்துவிட்டு மனது மாற அந்த ஒரு வாரம் இடம் தரும்.

பத்தாம் நாள் அழிப்போம் என்று எழுதுகிறீர்கள். உண்மையில் அழிந்துவிடுகிறதா?

டெலீட் பொத்தானை அழுத்தினால் மட்டும் அழியாது. கணினியில் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். பேக்கப் ஆன படம் கூகுள் போட்டோஸ் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். ஐபோனில் "சமீபத்தில் நீக்கியவை" என்ற இடத்தில் 30 நாள் வரை இருக்கும். எனவே போட்டோ போன இடத்தையெல்லாம் தொடக்கத்திலிருந்தே பட்டியலின் பின்பக்கம் எழுதிவர வேண்டும்: கேமரா மெமரி கார்டு, அலுவலகக் கணினி உறை, அச்சிட எடுத்துப்போன பென் டிரைவ், யாருக்காவது அனுப்பிய மின்னஞ்சலின் "அனுப்பியவை" பகுதி. அடிக்கடி மறந்துபோவது பென் டிரைவ். அடுத்த வாரம் வினாத்தாள் அச்சிட அதே பென் டிரைவ் ஜெராக்ஸ் கடைக்குப் போகும்.

பத்தாம் நாள் ஓவிய ஆசிரியரும் வகுப்பாசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வோர் இடமாக அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்து, அந்தந்த வரிக்கு எதிரே தேதியும் இருவர் சுருக்கொப்பமும் போடட்டும். கெட்டுப்போன அச்சுத் தாள்களைப் பழைய பேப்பரோடு சேர்க்காமல் கிழித்துப் போடுங்கள். பெற்றோர் கையெழுத்திட்ட 38 கடிதங்களையும் அழிக்க வேண்டாம். ஓவியம் சுவரிலோ மலரிலோ இணையத்திலோ இருக்கும் வரை அவை அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டும்.